சராசரியிலிருந்து எத்தனை படி?

உயர்தரப் பரீட்சை முடிவு வெளியான நாள். திருகோணமலைக் கப்பல்துறையில் ஒரு வீட்டு முற்றம். பேத்தி கைபேசியைப் பார்த்து, “ஒண்டு தசம் நாலு ஏழு, அம்மம்மா” என்கிறாள். கிழவிக்கு முகம் வாடிப்போகிறது. “ரெண்டு வருசம் விடிய விடியப் படிச்சு ஒண்டரைப் புள்ளியோ, பிள்ளை?”

சிரிக்கலாம்தான். ஆனால் அம்மம்மாவின் கேள்வியில் பிழை ஒன்றும் இல்லை. அவர் அறிந்த காலத்தில் நான்கு பாடங்களின் புள்ளிகளைக் கூட்டி, நானூறுக்கு இவ்வளவு என்று சொல்வார்கள். முந்நூறைத் தாண்டினால் ஊரே பேசும். இன்று பிள்ளைகள் பார்க்கும் முடிவில் பாடத்துக்குப் பாடம் ஏ, பி, சி என்ற தரம் இருக்கும். மாவட்ட நிலை, தீவு நிலை இருக்கும். நான்கு தசமதானத்தோடு ஓர் இசட் புள்ளியும் இருக்கும். விடைத்தாளில் ஆசிரியர் போட்ட உண்மையான புள்ளி அதில் இருக்காது. பல்கலைக்கழகக் கதவைத் திறப்பதும் சாத்துவதும் அந்த இசட் புள்ளிதான். அது சில பேருக்கு சுழியத்துக்குக் கீழேயும் போகும். “மைனஸ் வந்திருக்கு” என்று பிள்ளை சொன்னால், எடுத்த புள்ளியையும் பறித்துக்கொண்டார்களோ என்று பெற்றோர் பதறுவதை நானே பார்த்திருக்கிறேன்.

இசட் புள்ளி புள்ளியே அல்ல. அது படிகளின் எண்ணிக்கை. நடுவில் ஒரு தரை, அதிலிருந்து மேலேயும் கீழேயும் படிகள், நீ எத்தனையாவது படியில் நிற்கிறாய் என்பதுதான் செய்தி. தரை என்பது அந்தப் பாடத்துக்குத் தோற்றிய எல்லாரதும் சராசரி. படியின் உயரம் எவ்வளவு என்பதுதான் கொஞ்சம் யோசிக்க வேண்டிய இடம்.

நாலே நாலு பேர் எழுதிய ஒரு பரீட்சையை எடுத்துக்கொள்வோம். கணக்குக்காக நான் வைத்த எண்கள் இவை: 43, 49, 51, 57. சராசரி 50. ஒவ்வொருவரும் 50இலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறார் என்று பார்த்தால் −7, −1, +1, +7. இந்த விலகல்களை அப்படியே கூட்டினால் சுழியம்தான் வரும். மேலே போனதும் கீழே போனதும் ஒன்றையொன்று விழுங்கிவிடும். அதனால் ஒவ்வொன்றையும் வர்க்கப்படுத்துகிறோம்: 49, 1, 1, 49. கூட்டினால் 100. நாலு பேருக்குப் பங்கிட்டால் 25. வர்க்கமூலம் 5. இதைத்தான் பள்ளிக்கூடத்தில் நியம விலகல் என்று படித்தோம். இந்தக் கூட்டம் சராசரியைச் சுற்றி எவ்வளவு சிதறிக் கிடக்கிறது என்பதன் அளவு அது. நமது படியின் உயரம் 5. 57 எடுத்தவர் தரையிலிருந்து 7 புள்ளி மேலே. 7ஐ 5ஆல் வகுத்தால் 1.4. அவர் ஒன்று தசம் நாலு படி மேலே நிற்கிறார்.

Z = (புள்ளி − சராசரி) ÷ நியம விலகல்

இப்போது அதே நாலு பேர் இன்னொரு பரீட்சை எழுதுகிறார்கள். வினாத்தாள் இலகு, புள்ளியும் தாராளம். 56, 68, 72, 84 என்று எடுக்கிறார்கள். சராசரி 70. விலகல்கள் −14, −2, +2, +14. வர்க்கங்களின் கூட்டுத்தொகை 400, நாலால் வகுத்தால் 100, வர்க்கமூலம் 10. முதலிடத்தில் நிற்பவர் 84 எடுத்திருக்கிறார். 14ஐ 10ஆல் வகுத்தால் மறுபடியும் 1.4. அங்கே 57, இங்கே 84. படியை எண்ணினால் இரண்டும் ஒன்றேதான். மாறாக, இரண்டாம் பரீட்சையில் 72 எடுத்தவர் முதல் பரீட்சையின் 57ஐப் பார்த்து ஏளனமாகச் சிரித்தால், அவர் நிற்பது 0.2ஆவது படியில் என்று சொல்லி இறக்கிவிடலாம்.

உயர்தரத்தில் கலைப்பிரிவு மாணவி ஒருத்தி புவியியல், அரசறிவியல், தமிழ் எடுக்கிறாள். அடுத்த வீட்டுப் பையன் இந்து நாகரிகம், வரலாறு, நாடகம் எடுக்கிறான். இருவரும் ஒரே பீடத்துக்கு விண்ணப்பிக்கிறார்கள். ஒரு பாடத்தில் புள்ளி தாராளமாகக் கொட்டும், இன்னொன்றில் பிசினாறித்தனமாகச் சொட்டும். வெறும் கூட்டுத்தொகையில் அவர்களை நிறுத்தினால், திறமையைவிடப் பாடத்தெரிவுதான் வெல்லும். எந்தப் பாடத்தில் புள்ளி ‘விழும்’ என்று டியூஷன் வாசலில் விசாரித்துப் பாடம் எடுக்கும் பழக்கம் அப்படித்தான் வந்தது. இதற்கு மருந்தாகப் பேராதனைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஆர். ஓ. தட்டில் முன்வைத்த முறைதான் இசட் புள்ளி. 2001ஆம் ஆண்டுப் பரீட்சையிலிருந்து அது நடைமுறைக்கு வந்தது. ஒவ்வொரு பாடத்துக்கும் நாடளாவிய சராசரியையும் நியம விலகலையும் கண்டு, மாணவரின் மூன்று பாடங்களுக்கும் தனித்தனியே படியை எண்ணி, மூன்றையும் சராசரியாக்குகிறார்கள். பேத்தியின் 1.47 அப்படி வந்த எண். மூன்று பாடத்திலும் சேர்த்துப் பார்த்தால் அவள் பாடத்துக்கு ஒன்றரைப் படி அளவுக்கு மேலே நிற்கிறாள். அம்மம்மா முகம் வாட வேண்டியதில்லை.

‘நாடளாவிய’ என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் பலர், திருகோணமலை பின்தங்கிய மாவட்டம் என்பதால் இசட் புள்ளியில் கொஞ்சம் கூட்டிப் போடுவார்கள் என்று நம்புகிறார்கள். அப்படி இல்லை. இசட் கணக்குக்குத் திருகோணமலை எது, கொழும்பு எது என்று தெரியாது. மாவட்டம் வருவது அதற்குப் பிறகு. பெரும்பாலான கற்கைநெறிகளில் 40 வீத இடங்கள் அகில இலங்கைத் திறமைக்கு, 55 வீதம் சனத்தொகைப்படி மாவட்டங்களுக்கு, 5 வீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கு என்று பங்கிடுகிறார்கள். பின்தங்கிய பட்டியலில் உள்ள 16 மாவட்டங்களில் திருகோணமலையும் ஒன்று. மாவட்டத்துக்கு மாவட்டம் வெட்டுப்புள்ளி வேறுபடுவது இந்தப் பங்கீட்டால். படியை எண்ணும் விதம் எல்லாருக்கும் ஒன்றுதான்.

பத்து வருடம் இந்த முறை பெரிய சத்தமில்லாமல் ஓடியது. 2011இல் சிக்கிக்கொண்டது.

அந்த ஆண்டு உயர்தரத்தில் இரண்டு பாடத்திட்டங்கள். முதல் தடவை தோற்றியவர்களுக்குப் புதிய பாடத்திட்டம், முன்பு எழுதி மறுபடியும் முயன்றவர்களுக்குப் பழையது. பாடத்தின் பெயர் ஒன்றுதான், வினாத்தாள் இரண்டு. ஆனால் இடங்கள் இரண்டு தொகுதிக்கும் பொது. அப்படியென்றால் பழைய பௌதிகவியலில் எடுத்த புள்ளியையும் புதிய பௌதிகவியலில் எடுத்த புள்ளியையும் எப்படி ஒரு வரிசையில் நிறுத்துவது? இரண்டு தொகுதியையும் ஒன்றாகக் கலந்து, ஒரே கூட்டம்போலப் பாவித்து இசட் கணக்கிட்டார்கள். முறையைக் கொண்டுவந்த தட்டிலே இது பிழை என்று வெளிப்படையாகச் சொன்னார். வழக்கு உயர் நீதிமன்றத்துக்குப் போனது. 2012 ஜூன் மாதம் நீதிமன்றம் அந்த இசட் புள்ளிகளைச் செல்லாதவை ஆக்கி, இரண்டு தொகுதியையும் இரண்டு தனிக் கூட்டங்களாக வைத்து மீண்டும் கணக்கிடச் சொன்னது. நியம விலகலை யாரிலிருந்து கணக்கிடுவது என்ற கேள்வி நாட்டின் உச்ச நீதிபீடத்துக்கு முன்னால் நின்ற சம்பவம் உலகில் அதிகம் இருக்காது.

கலந்தால் என்ன கெட்டுப்போகிறது? கை எண்களில் பார்ப்போம். பழைய தாளில் சராசரி 60, புதிய தாளில் 40 என்று வையுங்கள். இரண்டிலும் படியின் உயரம் 10. எழுதியவர்கள் சம எண்ணிக்கை. புதிய தாளில் ஒரு மாணவி 60 எடுக்கிறாள். தன் கூட்டத்தில் அவள் இரண்டு படி மேலே. பழைய தாளில் ஒரு மாணவன் 65 எடுக்கிறான். தன் கூட்டத்தில் அவன் அரைப் படிதான் மேலே. தனித்தனியே எண்ணினால் அவள் 2.0, அவன் 0.5.

இரண்டையும் ஒரே தொட்டியில் ஊற்றுங்கள். கலந்த கூட்டத்தின் சராசரி 50. படியின் உயரமும் பெருக்கிறது, ஏனென்றால் ஒவ்வொரு கூட்டத்தின் உள்சிதறலோடு இரண்டு கூட்டங்களுக்கும் இடையில் உள்ள தூரமும் இப்போது சிதறலாகத்தான் கணக்கில் ஏறும். உள்சிதறலின் வர்க்கம் 100, ஒவ்வொரு சராசரியும் 50இலிருந்து 10 தள்ளி நிற்பதால் இன்னொரு 100, ஆக 200. வர்க்கமூலம் ஏறக்குறைய 14.1. மாணவிக்கு 10 ÷ 14.1, அதாவது 0.71. மாணவனுக்கு 15 ÷ 14.1, அதாவது 1.06. வரிசை தலைகீழாகிவிட்டது.

இது என் எண்களின் தந்திரம் அல்ல. கலந்த கணக்கில் எல்லாரிலிருந்தும் ஒரே சராசரியைக் கழித்து, ஒரே எண்ணால் வகுக்கிறோம். எல்லாரிலிருந்தும் ஒன்றைக் கழித்தாலும், எல்லாரையும் ஒன்றால் வகுத்தாலும், யார் முன்னால் யார் பின்னால் என்பது மாறவே மாறாது. ஆகவே ஒரு பாடத்துக்குள் கலந்த இசட் புள்ளி கொடுக்கும் வரிசை, இசட்டே கணக்கிடாமல் 65ஐயும் 60ஐயும் நேரே ஒப்பிட்டால் வரும் வரிசைதான். எதை ஒழிக்க இந்த முறை வந்ததோ, அதையே தசமதானம் போர்த்தி உள்ளே கொண்டுவந்துவிட்டது.

இப்படிப்பட்ட பிழையைப் பிடிக்க ஓர் எளிய சோதனை உண்டு. நேராகக் கணக்கிட்ட எந்தக் கூட்டத்திலும், எல்லாருடைய இசட்டையும் கூட்டினால் சுழியம் வர வேண்டும். மேலே நிற்பவர்களின் படிகளைக் கீழே நிற்பவர்களின் படிகள் சரிசெய்துவிடும். மேலே சொன்ன கலவையில் புதிய தாள் எழுதியவர்களை மட்டும் பிரித்து எடுத்து அவர்களின் இசட் சராசரியைப் பாருங்கள்: 40 கழித்தல் 50, வகுத்தல் 14.1, விடை −0.71. பழைய தாள் எழுதியவர்களுக்கு +0.71. ஒரு கூட்டத்தின் சராசரியே தரைக்குக் கீழே, மற்றதன் சராசரி மேலே. ஏதோ ஒன்றைக் கலந்திருக்கிறார்கள் என்பதற்கு இதைவிடச் சாட்சி தேவையில்லை.

இத்தோடு முடித்துக்கொண்டால் பிரித்துக் கணக்கிடுவதே நியாயம், கலப்பதே அநியாயம் என்று ஆகிவிடும். விஷயம் அவ்வளவு சுலபம் அல்ல. எங்கள் தமிழுக்குள்ளேயே அதற்கு ஒரு நினைவூட்டல் கிடக்கிறது. ஒரு புள்ளியைச் சராசரியும் நியம விலகலும் கொண்டு பொது அளவுக்கு மாற்றும் வேலைக்கு நாம் வைத்த பெயர் தரப்படுத்தல். இலங்கைத் தமிழர் யாரிடமாவது அந்தச் சொல்லைச் சொல்லிப் பாருங்கள். புள்ளிவிபரவியல் அவருக்கு நினைவுக்கு வராது.

1970களின் தொடக்கத்தில் பல்கலைக்கழக அனுமதிக்கு மொழிவாரியாக வேறு வேறு வெட்டுப்புள்ளி வைத்தார்கள். பேராதனைப் பொறியியல் பீடத்துக்குத் தமிழில் எழுதியவருக்கு 250 வேண்டும், சிங்களத்தில் எழுதியவருக்கு 227 போதும். 1973இல் அது இன்னும் நுட்பமான வடிவம் எடுத்தது. ஒவ்வொரு மொழிமூலத்தையும் தனிக் கூட்டமாக வைத்து, புள்ளிகளைப் பொது அளவுக்கு மாற்றினார்கள். 1974இல் மாவட்டப் பங்கீடும் சேர்ந்தது. அரசியல் விளைவுகளை இங்கே சொல்லத் தேவையில்லை. கணக்கை மட்டும் பாருங்கள். 2012இல் நீதிமன்றம் செய்யச் சொன்னதும் அதுதானே? இரண்டு கூட்டம், இரண்டு சராசரி, இரண்டு படி உயரம். ஒரு இடத்தில் நியாயமான கணக்கு இன்னொரு இடத்தில் ஏன் அநியாயமாகப் பட்டது?

விடை சராசரிகளுக்கு இடையில் உள்ள இடைவெளியில் கிடக்கிறது. என் உதாரணத்தில் 60க்கும் 40க்கும் இடையில் 20 புள்ளி வித்தியாசம். அந்த 20 எங்கிருந்து வந்தது? தாளிலிருந்து வந்திருக்கலாம்: புதிய தாள் கடினம், பழையது இலகு. ஆட்களிலிருந்தும் வந்திருக்கலாம்: ஒரு கூட்டம் உண்மையிலேயே கூடுதலாகப் படித்த கூட்டம். தனித்தனியே இசட் கணக்கிடுகிறவர், அறிந்தோ அறியாமலோ, அந்த 20 முழுவதையும் தாளின் தலையில் கட்டுகிறார். இரண்டு கூட்டத்தின் சராசரியையும் சுழியம் என்று ஒரே தரையில் வைக்கும்போது, இரண்டு கூட்டமும் சராசரியில் சமதிறமை கொண்டவை என்று அவர் ஒப்பமிட்டுவிடுகிறார். கலக்கிறவர் அதற்கு நேர்மாறு. வித்தியாசம் முழுவதும் ஆட்களுடையது, தாள் இரண்டும் சமம் என்று அவர் ஒப்பமிடுகிறார்.

2011இல் தாள்கள் வெவ்வேறு. ஆகவே பிரிப்பதுதான் நியாயத்துக்குக் கிட்ட இருந்தது. 1973இல் கேள்விகள் ஒன்றே, மொழிதான் வேறு. அங்கே பிரித்தபோது, தமிழ்மூல மாணவர் கூடுதலாக எடுத்த புள்ளி தாளின் அல்லது திருத்தியவரின் குறும்பு என்று கணக்கே முன்கூட்டித் தீர்ப்புச் சொல்லிவிட்டது. எதிர்த்தவர்கள் கேட்டதும் அதைத்தான்: வித்தியாசம் படிப்பில் இல்லை என்று எப்படித் தெரியும்? சூத்திரம் இரண்டு தடவையும் ஒன்றுதான். அதற்குள் நுழைந்த அனுமானம்தான் ஒரு தடவை உலகத்தோடு ஒத்துப்போனது, மற்றத் தடவை ஒத்துப்போகவில்லை.

2011இலும் அனுமானம் முழுக்கச் சுத்தமாக இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். பழைய தாளை எழுதியவர்கள் மீளத் தோற்றியவர்கள். உயர்தரத்துக்கு மூன்று தடவை தோற்றலாம். முதல் தடவையிலேயே நன்றாகச் செய்தவர்கள் பல்கலைக்கழகம் போய்விட்டார்கள். ஆக அந்தக் கூட்டத்தின் தலை கொய்யப்பட்டிருக்கிறது. மறுபக்கம், படிப்பே வேண்டாம் என்று விட்டவர்களும் திரும்பி வரவில்லை. ஆக வாலும் அறுந்திருக்கிறது. எஞ்சியவர்களுக்கு மேலதிகமாக ஒரு வருடப் படிப்பும் ஒரு தடவை பரீட்சை மண்டபத்தில் இருந்த பழக்கமும் உண்டு. இந்தக் கூட்டம் புதியவர்களைவிடச் சராசரியில் உயர்ந்ததா, தாழ்ந்ததா? இரண்டு தாள்களின் புள்ளிகளை எவ்வளவு குடைந்தாலும் விடை வராது. இரண்டு தாளிலும் சில கேள்விகள் பொதுவாக இருந்து, அவற்றை இரண்டு கூட்டமும் எப்படிச் செய்தன என்று பார்த்தால் மட்டுமே வித்தியாசத்தில் தாளின் பங்கு எவ்வளவு, ஆட்களின் பங்கு எவ்வளவு என்று பிரிக்கலாம். நங்கூரம் போட்டு இரண்டு வள்ளத்தையும் ஒரே தரையில் கட்டுவது போன்ற வேலை அது.

இதே அனுமானம் ஒவ்வொரு ஆண்டும், பாடத்துக்குப் பாடம், சத்தமில்லாமல் இயங்கிக்கொண்டிருக்கிறது. புவியியல் எழுதும் கூட்டமும் இந்து நாகரிகம் எழுதும் கூட்டமும் சமதிறமை கொண்டவை என்று வைத்துத்தான் இரண்டின் இசட்டையும் கூட்டுகிறோம். கெட்டிக்காரர்கள் மட்டும் தேடி எடுக்கும் ஒரு பாடம் இருந்தால், அதில் சராசரியாக நிற்கும் பிள்ளைக்குச் சுழியம்தான் கிடைக்கும். அதே பிள்ளை வேறு பாடம் எடுத்திருந்தால் ஒரு படி ஏறியிருக்கும். பாடத்தெரிவின் சூது புள்ளியிலிருந்து கூட்டத்துக்கு இடம் மாறிக்கொண்டது, அவ்வளவே. ஆனாலும் பழைய கூட்டல் முறைக்கு இது எவ்வளவோ மேல் என்பதே என் எண்ணம். அந்த முறையில் தாளின் கடுமைக்குப் பரிகாரமே கிடையாது.

இன்னொரு குறை இலகுவான தாளில் தெரியும். சராசரி 85, படி உயரம் 10 என்று வையுங்கள். முழுப்புள்ளி 100 எடுத்தாலும் 15 ÷ 10, ஒன்றரைப் படிக்கு மேல் ஏற வழியில்லை. மேலே கூரை இடிக்கிறது. கடினமான தாளில் சராசரி 40 என்றால் அதே படி உயரத்தில் ஆறு படிக்கு இடம் உண்டு. மிகக் கெட்டிக்காரப் பிள்ளைக்கு இலகுவான தாள் நட்டம் என்பது பிள்ளைகளுக்கு எளிதில் நம்ப முடியாத செய்தி.

அந்த நான்கு தசமதானங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. வெட்டுப்புள்ளிக்கு 0.0010 குறைந்ததால் இடம் போனது என்று ஒவ்வொரு ஆண்டும் யாராவது அழுவார்கள். ஒரு பாடத்தின் படி உயரம் 15 என்றால், அதில் ஒரேயொரு புள்ளி கூடுதலாகக் கிடைத்தால் அந்தப் பாடத்தின் இசட் 1 ÷ 15, அதாவது 0.0667 ஏறும். மூன்று பாடத்துக்குச் சராசரியாக்கும்போது 0.0222. ஆக விடைத்தாள் ஒன்றில் ஒரு புள்ளி கூடினால் இறுதி எண் 0.0222 நகர்கிறது, 0.0010 என்பது அதில் இருபதில் ஒரு பங்கும் இல்லை. யாரும் அந்தப் பிள்ளையைவிட ஒரு புள்ளியின் இருபதில் ஒரு பங்கு கூடுதலாக எழுதிவிடவில்லை. பாடங்களின் படி உயரங்கள் சற்றுச் சற்று வேறாக இருப்பதால் விழுந்த சிறு இடுக்கு அது. ஆனால் வரிசையில் யாரோ ஒருவர் கடைசியாக நிற்கத்தான் வேண்டும்.

கப்பல்துறை முற்றத்தில் பேத்தி இதையெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கவில்லை. வாசற்படியில் இருந்தபடி, “தரையில இருந்து ஒண்டரைப் படி மேல நிக்கிறன், அம்மம்மா” என்றாள். கிழவி படிக்கட்டைப் பார்த்தார், பிறகு பேத்தியைப் பார்த்தார். “மற்றப் பிள்ளையள் எல்லாம் எத்தினையாம் படியில நிக்கினம்?” என்று கேட்டார்.